கார்டு புதிது, எஸ்எம்பிஎஸ் பழையது

மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டை மாற்றுவது கால் மணி நேர வேலை. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, பழைய கார்டை உருவி, புதியதைச் செருகி, இரண்டு திருகுகளை முடுக்கினால் போதும். மதர்போர்டு, பிராசஸர், ராம் எதையும் தொட வேண்டியதில்லை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பலர் இந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்வதற்கு இந்த எளிமையே காரணம். ஆனால் கணினி இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு பாகத்துக்கே போகிறது. அதை மாற்றினால் மின்கணக்கு முழுவதும் மாறிவிடும். அந்தக் கணக்கைச் சுமப்பது கேபினட்டின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் தகரப் பெட்டி. கடைத்தெருவில் அதற்குப் பெயர் எஸ்எம்பிஎஸ்.

இது எப்படித் தவறிப்போகிறது என்பதை ஒரு கதையாகவே சொல்லலாம். கதையின் நாயகர் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறவர். மாலை ஆறரைக்குப் போனால் அலுவலக வண்டி அவரை வீட்டில் இறக்கிவிட விடியற்காலை நான்கு மணியாகும். வீடு தூங்கிக்கொண்டிருக்கும். உடனே உறக்கம் வராது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் விளையாடுவது அவருக்கு வழக்கம். 2020-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி அது: இன்டெல் கோர் ஐ5-10400எஃப் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, கேபினட்டோடு சேர்ந்தே வந்த '450 வாட்' எஸ்எம்பிஎஸ்.

ஜிடிஎக்ஸ் 1650 மிகவும் அடக்கமான கார்டு. அதன் மின்தேவை 75 வாட். மதர்போர்டில் கார்டைச் செருகும் இடம், அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட், தரக்கூடிய உச்சமும் அதே 75 வாட்தான். அதனால் இந்த வகைக் கார்டுகளில் பலவற்றுக்குத் தனி மின்கேபிளே தேவைப்படுவதில்லை, செருகினால் ஓடும். நான்கு ஆண்டுகள் கணினி ஒருமுறைகூடத் தடுமாறாமல் இருந்ததற்கு எஸ்எம்பிஎஸ்ஸின் தரம் காரணமில்லை. அதன் தலையில் யாரும் பாரம் ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

அவர் வாங்கியது ஒருவர் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3070. 2020 அக்டோபரில் வெளிவந்த கார்டு. வயதானாலும் வேகத்தில் குறையில்லை. அதன் மின்தேவை 220 வாட், பழைய கார்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்தக் கார்டுக்குக் குறைந்தது 650 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா பரிந்துரைக்கிறது. இதை அவரும் படித்திருந்தார். ஆனால் கார்டு 220, பிராசஸர் 65, மற்றவை ஒரு 50 என்று கூட்டிப் பார்த்தால் 335 வாட்தான் வருகிறது. 450-இல் இன்னும் நூறுக்கு மேல் மிச்சம். கம்பெனிக்காரர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள் என்று முடிவு செய்துகொண்டார். கூட்டலில் பிழையில்லை. எந்த எண்களைக் கூட்ட வேண்டும் என்பதில்தான் பிழை.

கார்டைப் பொருத்தும்போதே முதல் எச்சரிக்கை வந்தது. ஸ்லாட்டின் 75 வாட்டுக்கு மேல் தேவைப்படும் கார்டுகள் மீதியை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரும் கேபிள்களில் வாங்கிக்கொள்கின்றன. ஆறு முனைப் பின் என்றால் 75 வாட், எட்டு முனைப் பின் என்றால் 150 வாட் என்பது வரையறை. இவர் வாங்கிய கார்டில் எட்டு முனைத் துளைகள் இரண்டு இருந்தன. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்ததோ ஒரே ஓர் ஆறு முனைப் பின். ஒரு எஸ்எம்பிஎஸ்ஸில் எத்தனை கிராபிக்ஸ் பின்கள் இருக்கின்றன என்பது, அது எவ்வளவு பெரிய கார்டைத் தாங்கும் என்று அதைச் செய்தவரே கொடுத்த வாக்குமூலம். லேபிளில் உள்ள எண்ணைவிட அந்த வாக்குமூலத்தை நம்பலாம்.

கார்டை விற்றவர் சில இணைப்பு வயர்களையும் சேர்த்தே கொடுத்திருந்தார். மோலெக்ஸ் எனப்படும் பழைய நான்கு முனைப் பின் இரண்டைச் சேர்த்து ஒரு எட்டு முனையாக்கும் வயர் அதில் ஒன்று. கடைகளில் இவை சில்லறை விலைக்குக் கிடைக்கும். பின் பொருந்திவிடும், திரையில் படம் வரும், ஆனால் அந்தப் பின்னுக்குப் பின்னால் உள்ள கம்பி தாங்கக்கூடிய மின்னோட்டம் மாறுவதில்லை. இவற்றில் மிக மோசமானது சாட்டா பின்னிலிருந்து எடுக்கும் வயர். ஹார்ட் டிஸ்க்குக்காக வடிவமைத்த அந்தப் பின்னின் 12 வோல்ட் முனைகள் மொத்தமாக 4.5 ஆம்பியர்தான் தாங்கும். 12-ஆல் பெருக்கினால் 54 வாட். அதிலிருந்து 75 வாட் ஆறு முனையை எடுத்தால் பிளாஸ்டிக் இளகும், சில வேளை கருகும். நல்லவேளையாக இவர் சாட்டாவைத் தொடவில்லை.

முதல் விடியல் நன்றாகவே போனது. விண்டோஸ் கார்டை அடையாளம் கண்டுகொண்டது, டிரைவர் ஏறியது, வீடியோ ஓடியது, பழைய விளையாட்டு ஒன்று முன்னைவிட இரட்டை வேகத்தில் ஓடியது. மறுநாள் புதிய விளையாட்டு ஒன்றைத் திறந்து இருபது நிமிடம் ஆனதும் 'டக்' என்று ஒரு சத்தம். திரை இருண்டு, விசிறிகள் நின்று, கணினி தானாகவே மறுபடியும் எழுந்தது. நீலத் திரை இல்லை, பிழைச் செய்தி எதுவும் இல்லை. அடுத்த நாள் அப்படி அணைந்தது ஐந்தே நிமிடத்தில். அதற்கடுத்த நாள் ஒன்றரை மணி நேரமும் அசையாமல் ஓடியது.

எப்போதும் அணைந்தால் யாரும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சில நாள் ஓடி, சில நாள் விழுவதுதான் ஆளைக் குழப்புகிறது. டிரைவரை முழுவதும் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றினார். ராமைக் கழற்றித் துடைத்துப் பொருத்தினார். வீட்டு மின்சாரத்தைச் சந்தேகித்தார். ஆனால் கணினி அணைந்த கணத்தில் மேலே சுழன்ற மின்விசிறியும் எரிந்த குழல்விளக்கும் அசையவே இல்லை. கடைசியில் விற்றவர் மேலேயே சந்தேகம் போனது. இரவு வேலைக்காரரின் சங்கடம் இங்கேதான். அவர் விழித்திருக்கும் நேரத்தில் கடை எதுவும் திறந்திருக்காது. கடை திறந்திருக்கும் நேரம் அவர் தூங்கும் நேரம். ஒரு நாள் தூக்கத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு, கார்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனார். கடைக்காரர் அதைத் தன் கணினியில் பொருத்தி அரை மணி நேரம் சோதனை ஓட்டினார். கார்டு ஆடாமல் அசையாமல் ஓடியது.

"கார்டு சுத்தமா இருக்கு தம்பி. எஸ்எம்பிஎஸ் என்ன போட்டிருக்கீங்க?"

"450 வாட்ணா."

"அது கேபினட்டோட வந்ததா, தனியா வாங்கினதா?"

இந்தக் கேள்வி ஏன் சரியான கேள்வி என்பதைப் புரிந்துகொள்ள எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்க வேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை அந்தப் பெட்டி மூன்று நேர்திசை மின்னழுத்தங்களாக மாற்றித் தருகிறது: 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட். ஒரு காலத்தில் பிராசஸர்கள் 5 வோல்ட் வழியிலிருந்தே தங்கள் மின்சாரத்தை எடுத்தன. 2000-ஆம் ஆண்டு பென்டியம் 4 வந்த சமயத்தில் இன்டெல் பிராசஸருக்கென்றே தனி 12 வோல்ட் பின்னை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு பாரம் முழுவதும் படிப்படியாக 12 வோல்ட் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்று கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர், விசிறிகள் எல்லாம் 12 வோல்ட்டை நம்பியே இருக்கின்றன. மற்ற இரண்டு வழிகளுக்கும் மிஞ்சியிருப்பது யுஎஸ்பி, எஸ்எஸ்டி போன்ற சின்ன வேலைகள்.

லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் 450 என்பது மூன்று வழிகளையும் சேர்த்த கூட்டுத்தொகை. இந்தக் கதையின் பெட்டியில், அதற்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள கட்டத்தில், 12 வோல்ட்டுக்கு எதிரே 25 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 25-ஐ 12-ஆல் பெருக்கினால் 300 வாட். மீதி 150 வாட் 3.3-இலும் 5-இலும் இருக்கிறது; அந்தப் பக்கம் கேட்பாரில்லை. கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு கெஞ்சினாலும் அந்த 150 வாட் 12 வோல்ட்டாக மாறி வராது. ஆக, அவர் வைத்திருந்தது தேவைக்கு மேல் நூறு வாட் மிச்சம் உள்ள 450 வாட் பெட்டியல்ல. வெறும் 300 வாட் பெட்டி. அதன் 12 வோல்ட் வழியில் கார்டுக்கு 220, பிராசஸருக்கு விளையாட்டின்போது 70, விசிறிகளுக்கும் மற்றவற்றுக்கும் 30 என்று 320 வாட் ஏறிக்கொண்டிருந்தது.

நல்ல நிறுவனத்துப் பெட்டிகளில் இந்தப் பிரிவினை வேறு மாதிரி இருக்கும். 650 வாட் பெட்டி என்றால் 12 வோல்ட்டுக்கு எதிரே 54 ஆம்பியர் போல இருக்கும். பெருக்கினால் 648 வாட். அதாவது முழுத் திறனையும் 12 வோல்ட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை எடைபோட ஒரே ஒரு எண்தான் பார்க்க முடியும் என்றால், பெட்டியில் அச்சிட்ட வாட்டை விட்டுவிட்டு இந்த ஆம்பியரைப் பார்ப்பதே உருப்படியானது.

வெப்பமும் கணக்கில் சேர்கிறது. நல்ல பெட்டிகளின் திறனை 40 அல்லது 50 டிகிரி செல்சியஸில் வைத்துக் குறிப்பிடுகிறார்கள். மலிவான பல பெட்டிகளுக்கு அது 25 டிகிரியில் எடுத்த அளவு. சென்னையில் 25 டிகிரி என்பது குளிர்சாதன அறைக்குள் மட்டுமே கிடைக்கும் வெப்பநிலை. 220 வாட் கார்டு சூடேற்றிய காற்று நிறைந்த கேபினட்டுக்குள் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. நான்கு ஆண்டுகளில் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளும் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்திருக்கும்.

இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. 300 வாட் பெட்டியில் 320 வாட் ஏறினால் உடனே அணைய வேண்டாமா? சில நாள் ஒன்றரை மணி நேரம் எப்படி ஓடியது? பெரும்பாலான பெட்டிகளில் பாதுகாப்புச் சுற்று குறித்த அளவைத் தாண்டியதுமே வெட்டிவிடாது. சற்று மேலேயே எல்லை வைத்திருப்பார்கள். சராசரியாக 20 வாட் கூடுவதை அது பொறுத்துக்கொள்ளும். வீழ்த்துவது சராசரியல்ல, துள்ளல்.

கிராபிக்ஸ் கார்டு சீரான வேகத்தில் மின்சாரம் குடிப்பதில்லை. திரையில் வெடிப்போ புகையோ வந்தால், அல்லது விளையாட்டின் ஒரு காட்சி முடிந்து மற்றொன்று தொடங்கினால், அதன் சிப் தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஒரு நொடிக்குள் பலமுறை மாற்றிக்கொள்கிறது. அப்போது சில மில்லி நொடிகளுக்கு, சில வேளை அதற்கும் குறைவான நேரத்துக்கு, அதன் இழுப்பு சராசரியைப்போல ஒன்றரை மடங்கும் அதற்கு மேலும் எகிறும். போர்வெல் மோட்டாரைப் போட்ட கணத்தில் வீட்டு விளக்கு ஒருமுறை மங்கிப் பிறகு நிமிர்வதில்லையா, அதே சங்கதிதான். ஆர்டிஎக்ஸ் 3000 வரிசைக் கார்டுகள் வந்தபோது இந்தத் துள்ளல் பெரிய பேச்சாக இருந்தது. 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறையில், பெரிய கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ்கள் குறித்த திறனைப்போல இரண்டு மடங்குத் துள்ளலை 100 மைக்ரோ நொடி வரை தாங்க வேண்டும் என்று சேர்த்ததற்கு இதுவே பின்னணி. என்விடியா 650 வாட் என்று சொன்னதிலும் இந்தத் துள்ளலுக்கான இடம் அடங்கியிருந்தது. கம்பெனிக்காரர் கூட்டிச் சொன்ன எண் என்று நம் நாயகர் கழித்துப்போட்டது அதைத்தான்.

பிராசஸர் பக்கமும் சின்னத் துள்ளல் உண்டு. 65 வாட் என்று அட்டையில் போட்ட ஐ5-10400எஃப், தேவைப்பட்டால் சிறிது நேரத்துக்கு 134 வாட் வரை போக இன்டெல்லே அனுமதிக்கிறது. விளையாட்டில் அவ்வளவு தூரம் அது போவது அரிது. ஆனால் புதிய காட்சி ஒன்று ஏறும்போது பிராசஸர் எகிறுவதும் கார்டு எகிறுவதும் ஒரே கணத்தில் நிகழ்ந்துவிடலாம். நிகழ்ந்தால் அணையும், நிகழாவிட்டால் அன்று ஒன்றரை மணி நேரமும் ஓடும். அந்த நாள்களின் வித்தியாசம் இவ்வளவுதான்.

அந்தக் கணத்தில் பெட்டிக்குள் நடப்பதும் இரண்டு விதம். 12 வோல்ட் வழியில் ஏற்ற இறக்கம் ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. துள்ளலில் அது சரிந்தால், 'மின்சாரம் சரியாக இருக்கிறது' என்று மதர்போர்டுக்குப் பெட்டி இடைவிடாமல் அனுப்பும் சைகை அறுந்துபோகிறது. மதர்போர்டு உடனே எல்லாவற்றையும் நிறுத்தி, சைகை திரும்பியதும் மறுபடி தொடங்குகிறது. இவர் கண்டது இந்த வகை. மற்றொரு வகையில் பெட்டியின் பாதுகாப்புச் சுற்றே பூட்டிக்கொள்ளும். அப்போது பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கணினி எழாது; பின்புறச் சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் எழும். இந்த இரண்டில் எதைக் கண்டாலும் டிரைவரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்பலாம். டிரைவர் கோளாறு என்றால் பொதுவாகத் திரை உறையும், கறுத்துத் திரும்பும், அல்லது நீலத் திரை வரும். விசிறிகளை நிறுத்தும் வலு அதற்கு இல்லை.

கடைக்காரர் ஊகித்ததை வீட்டிலேயே உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. விண்டோஸின் Event Viewer-இல் கணினி அணைந்த நேரத்துக்கு நேரே Kernel-Power என்ற பெயரில் Event ID 41 பதிவாகியிருக்கும். முறையாக மூடாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பது மட்டுமே அதன் பொருள். எஸ்எம்பிஎஸ் பழுது என்று பலர் அதையே தீர்ப்பாகப் படிப்பது அவசரம். அதன் விவரத்தில் BugcheckCode 0 என்று இருந்தால், விண்டோஸ் எந்தப் பிழையையும் எழுதிவைக்க நேரம் கிடைக்காமல் மின்சாரம் அறுந்தது என்று ஊகிக்கலாம். ஊகம்தான், ஆனால் உதவும் ஊகம். அடுத்து வெப்பம். கார்டின் சிப் அணையும் கணத்தில் 70 டிகிரிக்குக் கீழே இருந்தால் அது சூட்டால் விழவில்லை. சூடு மிஞ்சினால் கார்டு முதலில் தன் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும்.

தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் கார்டின் இழுப்பைக் குறைத்துப் பார்க்க வேண்டும். என்விடியா டிரைவரோடு வரும் ஒரு கட்டளையால் இதைச் செய்யலாம். நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் முதல் வரி அனுமதிக்கப்பட்ட எல்லைகளைக் காட்டும். இரண்டாவது வரி உச்சத்தை 140 வாட்டாகக் கட்டிப்போடும்.

```
nvidia-smi -q -d POWER
nvidia-smi -pl 140
```

கணினியை மறுபடி தொடங்கினால் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும்; அதனால் அஞ்சத் தேவையில்லை. நம் நாயகர் 140-இல் வைத்து நான்கு விடியல்கள் அதே விளையாட்டை ஓட்டினார். ஒருமுறைகூட அணையவில்லை. ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்தார். பதினைந்தாவது நிமிடத்தில் 'டக்'. கார்டு அதே, டிரைவர் அதே, ராம் அதே. மாறியது வாட் மட்டும். கையில் மல்டிமீட்டர் உள்ளவர்கள் 12 வோல்ட்டை அளந்து பார்க்க ஆசைப்படுவார்கள். மீட்டர் 11.9 என்று சாதுவாகக் காட்டும். சில மில்லி நொடிச் சரிவைப் பிடிக்கும் வேகம் அதற்கு இல்லை. அதைப் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்க அது நல்ல வழி. வாட்டைக் குறைக்கும் அளவுக்கு வேகம் குறைவதும் இல்லை. ஆனால் துள்ளல் சின்னதாகிறதே தவிர மறைவதில்லை. தன் எல்லையில் தினமும் ஒன்றரை மணி நேரம் ஓடும் மலிவுப் பெட்டி ஒருநாள் செத்துப்போகும்போது, உள்ளே முறையான பாதுகாப்புச் சுற்று இல்லாவிட்டால், மதர்போர்டையோ கார்டையோ கூட்டிக்கொண்டு போகவும் கூடும்.

புதிய பெட்டி வாங்கும்போது இரண்டு தவறான நம்பிக்கைகள் குறுக்கே வருகின்றன. முதலாவது, 80 பிளஸ் முத்திரை பற்றியது. 80 விழுக்காடு செயல்திறன் என்றால் 650 வாட் பெட்டி 520 வாட்தான் தரும் என்று பலர் கழிக்கிறார்கள். அப்படியல்ல. லேபிளில் உள்ளது பெட்டி கணினிக்குத் தரும் அளவு; செயல்திறன் குறைந்தால் சுவரிலிருந்து இழுப்பது கூடும், அவ்வளவுதான். பிரான்ஸ், கோல்டு என்ற படிகள் மின்கட்டணத்தையும் வெப்பத்தையும் பற்றிச் சொல்கின்றன. துள்ளலைத் தாங்குமா, பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக வேலை செய்யுமா என்பதைச் சொல்வதில்லை. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதக் காலம் அந்த விஷயத்தில் நல்ல அடையாளம். இரண்டாவது நம்பிக்கை, பெரிதாக வாங்கினால் கெடுதலில்லை என்பது. கெடுதல் இல்லைதான்; ஆனால் 335 வாட் கணினிக்கு 1000 வாட் பெட்டி வாங்கும் பணத்தில் நல்ல 650 வாட் பெட்டியோடு பெரிய எஸ்எஸ்டி ஒன்றையும் சேர்த்து வாங்கலாம்.

அவர் வாங்கியது 12 வோல்ட்டில் 54 ஆம்பியர் தரும் 650 வாட் பெட்டி. பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. கார்டின் இரண்டு துளைகளுக்கும் பெட்டியிலிருந்து தனித்தனிக் கேபிள்களை இழுப்பது நல்லது. ஒரே கேபிளின் முனையில் தொங்கும் இரட்டைப் பின்னைக் குத்தினால் 220 வாட்டில் பெரும்பகுதி ஒரே கம்பிக்கட்டின் வழியாகப் போகும். பிராசஸருக்கான எட்டு முனைப் பின்னும் கார்டுக்கான எட்டு முனைப் பின்னும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இணைப்பு நேரெதிர். பிராசஸர் பின் நான்கும் நான்குமாகப் பிரியும். கார்டின் பின் ஆறும் இரண்டுமாகப் பிரியும். நுழையவில்லை என்றால் அழுத்தக் கூடாது. கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை என்றால் பழைய பெட்டியின் கேபிளைப் புதியதில் மாட்டவே கூடாது. பெட்டிப் பக்கத்துப் பின்களின் அமைப்புக்குப் பொதுவான தரம் எதுவும் இல்லை. பொருந்திவிட்ட தவறான கேபிள் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட்டை அனுப்பி ஹார்ட் டிஸ்க்கை நொடியில் எரித்துவிடும். மோலெக்ஸ் வயர்களுக்கு இனி வேலையில்லை.

அலுவலகங்களிலிருந்து கழித்துவிடும் பிராண்டட் கணினிகளை மலிவாக வாங்கிக் கார்டு பொருத்துகிறவர்களுக்குச் சிக்கல் இன்னும் இறுக்கமானது. அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் வழக்கமான ஏடிஎக்ஸ் அளவில் இருப்பதில்லை, மதர்போர்டுப் பின்னும் வேறாக இருக்கும். கடையில் வாங்கிய பெட்டி உள்ளே நுழையாது. அத்தகைய கணினிகளுக்கு 75 வாட்டுக்குள் அடங்கும், தனிக் கேபிள் கேட்காத கார்டைத் தேடுவதே நடைமுறை.

புதிய பெட்டியோடு கணினி அணைவது நின்றது. ஆனால் ஒரு வாரம் கழித்து விடியற்காலையில் தெருவுக்கே மின்சாரம் போனபோது, நான்கு ஆண்டுகளாகக் கணினியைக் காப்பாற்றிவந்த யுபிஎஸ் ஒரு நீண்ட கூச்சல் போட்டுவிட்டு அதையும் சேர்த்து அணைத்தது. வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியது பொதுவாக 360 வாட்தான். கணினி உள்ளே 335 வாட் இழுத்தால், பெட்டியின் செயல்திறன் இழப்பையும் சேர்த்துச் சுவரில் அது ஏறக்குறைய 380 வாட்டாகிறது. மானிட்டருக்கு இன்னொரு 25. பழைய கார்டு இருந்தவரை மொத்தமும் 250-ஐ ஒட்டியே நின்றது, யுபிஎஸ்ஸுக்கு அது சுலபமாக இருந்தது. இப்போது 1000 விஏ அளவில், 600 வாட் தரும் யுபிஎஸ் தேவை. அதிலும் வாங்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: மலிவான யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு வடிவ அலையைத் தருகின்றன, இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சில அந்த அலையை ஏற்காமல் அணைந்துவிடும். சைன் அலை தரும் யுபிஎஸ் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அது வாங்கும்வரை, மின்சாரம் போனால் விளையாட்டைச் சேமித்து மூடும் அளவுக்காவது நேரம் கிடைக்க, கார்டை 140 வாட்டில் கட்டிப்போட்டு விளையாடலாம். முன்பு சோதனைக்குப் பயன்பட்ட அதே கட்டளை இதற்கும் போதும்.